முளைகட்டினால் ஃபைட்டிக் அமிலம் குறையும். ஆனால் எவ்வளவு குறைந்தால் பயன்?

முளைகட்டிய பயறில் இரும்புச்சத்து பெருகிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். வெறும் தண்ணீரில் முளைக்கும் விதைக்குப் புதிதாக இரும்பு எங்கிருந்தும் வருவதில்லை. காய்ந்த பயறில் எவ்வளவு இரும்பும் துத்தநாகமும் இருந்தனவோ, ஏறக்குறைய அவ்வளவுதான் முளைத்த பிறகும் இருக்கும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டும்போது அதிலும் கொஞ்சம் போய்விடும். மாறுவது வேறொன்று: இருக்கிற சத்தில் நம் குடல் எவ்வளவை உறிஞ்ச முடிகிறது என்பது. முளைகட்டுவதால் நன்மை உண்டா என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. அந்த விடை வெறும் ‘ஆம்’ அல்ல, ‘ஆம், இந்த அளவுக்கு’ என்பதே.

விதைக்குள் இருக்கும் பூட்டு

செடி தன் விதைக்குள் பாஸ்பரஸைச் சேமித்து வைக்கும் வடிவம்தான் ஃபைட்டிக் அமிலம். விதையில் உள்ள மொத்தப் பாஸ்பரஸில் பாதிக்கும் மேல் பெரும்பாலும் இந்த வடிவில்தான் இருக்கிறது. அதன் மூலக்கூறைப் பார்த்தால் நடுவே ஒரு சிறிய கார்பன் வளையமும் அதைச் சுற்றி ஆறு பாஸ்பேட் தொகுதிகளும் இருக்கும். ஒவ்வொரு தொகுதிக்கும் எதிர்மின்னூட்டம் உண்டு. இரும்பு, துத்தநாகம், கால்சியம், மக்னீசியம் போன்ற நேர்மின்னூட்டம் கொண்ட தாதுக்களை அவை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. இப்படித் தாதுக்களோடு சேர்ந்த வடிவத்தை ஃபைட்டேட் என்கிறோம்.

நம் குடலில் இந்தப் பிடியை அவிழ்க்கும் நொதி மிகச் சிறிதளவே சுரக்கிறது. அதனால் ஃபைட்டேட்டோடு ஒட்டிய இரும்பின் பெரும்பகுதி கரையாமல் குடலைக் கடந்து வெளியேறிவிடுகிறது. தானியத்தில் இரும்பு இருந்தும் உடலில் சேராமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இதனால்தான் ஃபைட்டிக் அமிலத்தைச் சத்து உறிஞ்சலைத் தடுக்கும் பொருள் என்று வகைப்படுத்துகிறார்கள்.

செடிக்கு அந்தப் பாஸ்பரஸ் முளைக்கும்போது தேவை. விதை நனைந்து விழித்துக்கொண்டதும் ஃபைட்டேஸ் என்ற நொதி வேலை செய்யத் தொடங்குகிறது. அது ஆறு பாஸ்பேட் தொகுதிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறது. ஆறும் ஐந்தும் இருக்கும்வரை மூலக்கூறு தாதுவை வலுவாகப் பிடித்திருக்கும்; நான்கு, மூன்று என்று இறங்க இறங்கப் பிடி தளரும். முளைகட்டுதல் பற்றிய வாதம் முழுவதும் இந்த ஒரு நொதியின் மேல்தான் நிற்கிறது. அது எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு நேரம் வேலை செய்ய விட்டோம், அதற்கேற்ற சூட்டையும் ஈரத்தையும் கொடுத்தோமா என்பவற்றைப் பொறுத்தே பலன் அமையும்.

பச்சைப்பயறை வைத்து ஒரு கணக்கு

ஆய்வுகளில் ‘ஃபைட்டிக் அமிலம் 40 சதவீதம் குறைந்தது’, ‘50 சதவீதம் குறைந்தது’ என்றெல்லாம் படிப்போம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தச் சதவீதம் தனியாக எதையும் சொல்வதில்லை. ஒவ்வொரு இரும்பு அணுவுக்கும் எத்தனை ஃபைட்டேட் மூலக்கூறுகள் இருக்கின்றன என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஊட்டச்சத்துத் துறையில் இதை மோலார் விகிதம் என்பார்கள். பெயர்தான் பெரிது, போடுவது சாதாரண வகுத்தல் கணக்கு.

காய்ந்த பச்சைப்பயறு 100 கிராம் எடுத்துக்கொள்வோம். அதில் இரும்பு சுமார் 6 மில்லிகிராம், துத்தநாகம் சுமார் 2.7 மில்லிகிராம் இருக்கும். ஃபைட்டிக் அமிலம் ரகத்துக்கும் மண்ணுக்கும் ஏற்ப நிறையவே மாறும். கணக்கு எளிதாக இருக்க 1,000 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்கிறேன். ஃபைட்டிக் அமிலத்தின் மூலக்கூறு எடை 660, இரும்பின் அணு எடை 56, துத்தநாகத்தின் அணு எடை 65. எடையை இந்த எண்களால் வகுத்தால் எண்ணிக்கையை ஒப்பிட முடியும்.

1,000-ஐ 660-ஆல் வகுத்தால் 1.52. இரும்பின் 6-ஐ 56-ஆல் வகுத்தால் 0.107. ஆக ஒரு இரும்பு அணுவுக்குச் சுமார் 14 ஃபைட்டேட் மூலக்கூறுகள். இரும்பு ஓரளவு தாராளமாக உடலில் சேர, இந்த விகிதம் ஒன்றுக்குக் கீழே இறங்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட எல்லை. முளைகட்டி ஃபைட்டேட்டைப் பாதியாக்கினால் 14 என்பது 7 ஆகும். எல்லைக்கு அருகில்கூட வரவில்லை. ஒன்றைத் தொட, அந்த 1,000 மில்லிகிராம் ஏறக்குறைய 70 மில்லிகிராமாக, அதாவது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே, இறங்க வேண்டும்.

துத்தநாகத்தின் கதை கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. 2.7-ஐ 65-ஆல் வகுத்தால் 0.0415, விகிதம் சுமார் 36. ஆனால் துத்தநாகத்துக்கான எல்லை 15. அதற்கு மேல் போனால் உறிஞ்சல் மிகவும் குறைவு, 15-க்குக் கீழே வந்தால் நடுத்தரம், 5-க்குக் கீழே நல்லது என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்கள் பிரிக்கின்றன. பாதியாகக் குறைத்தால் 36 என்பது 18 ஆகிறது. அறுபது சதவீதம் குறைத்தால் 15-ஐத் தொட்டுவிடும். நன்றாக முளைகட்டினால் எட்டக்கூடிய தூரம்தான் அது. முளைகட்டுவதன் பலனைத் தேடுபவர்கள் பெரும்பாலும் இரும்பைப் பற்றியே பேசுகிறார்கள். என் கணிப்பில் முதலில் பலனடையக்கூடியது துத்தநாகம்தான்.

இரும்பு விஷயத்தில் பாதிக் குறைப்பு ஏன் போதாது என்பதை 1989-இல் ஹால்பெர்க்கும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு தெளிவாகக் காட்டியது. ஃபைட்டேட் நீக்கிய கோதுமை ரொட்டியில் அளந்து அளந்து ஃபைட்டேட்டைச் சேர்த்து, மனிதர்களுக்குக் கொடுத்து, இரும்பு எவ்வளவு உடலில் சேர்கிறது என்று பார்த்தார்கள். ஃபைட்டேட்டில் உள்ள பாஸ்பரஸின் கணக்கில் வெறும் 2 மில்லிகிராம் சேர்த்தபோதே உறிஞ்சல் 18 சதவீதம் குறைந்தது. 25 மில்லிகிராமில் 64 சதவீதமும் 250 மில்லிகிராமில் 82 சதவீதமும் குறைந்தது.

இந்த எண்களைப் பின்னாலிருந்து படித்துப் பாருங்கள். 250-லிருந்து 25-க்கு, அதாவது பத்தில் ஒன்பது பங்கு ஃபைட்டேட்டை நீக்கினால், தடை 82-லிருந்து 64-க்குத்தான் இறங்குகிறது. முன்பு 18 பங்கு சேர்ந்த இடத்தில் இப்போது 36 பங்கு சேர்கிறது. இரட்டிப்புதான், அது நல்லதுதான். ஆனால் அதற்காகப் பத்தில் ஒன்பது பங்கை நீக்க வேண்டியிருந்தது. பெரிய பலன் கடைசிச் சொட்டு ஃபைட்டேட்டும் போகும் கட்டத்தில்தான் கிடைக்கிறது. பாதியில் நின்றுவிட்டால் இரும்புக்கு அவ்வளவு வித்தியாசம் தெரியாது.

எத்தனை மணி நேரத்தில் என்ன நடக்கிறது

வழக்கமாக விதையை எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை வடித்துவிட்டு, ஈரமாக மூடி வைத்து, நாளுக்கு இரண்டு மூன்று முறை அலசி வடிப்போம். ஊறும் கட்டத்தில் ஃபைட்டேட் குறைவது பெரும்பாலும் தண்ணீரில் கரைந்து வெளியேறுவதால். கரையக்கூடிய தாதுக்களும் வைட்டமின்களும் அதனுடனேயே கொஞ்சம் போகும். நொதியின் உண்மையான வேலை அதற்குப் பிறகு சூடுபிடிக்கிறது. விதையின் உள்ளே ஃபைட்டேஸின் செயல்பாடு அடுத்த சில நாள்களில் படிப்படியாகக் கூடுகிறது.

ஆகவே வெள்ளை முளை லேசாக எட்டிப் பார்த்ததுமே ஃபைட்டேட் ஒழிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான சோதனைகளில் இரண்டு மூன்று நாள் முளைகட்டியதில் கால் பங்கிலிருந்து பாதி வரையும், சிலவற்றில் அதற்கு மேலும் குறைந்திருக்கிறது. விதையும் ரகமும் வெப்பமும் மாறினால் இந்த அளவும் மாறும். முளையின் நீளத்தைக் கண்ணால் பார்த்து ஃபைட்டேட்டின் அளவைச் சொல்ல முடியாது. ஆய்வகத்தில் அளந்தால்தான் தெரியும்.

வேறொரு பொருள் இதைவிட வேகமாகக் குறைகிறது. பருப்பு வகைகளில் வாயுத் தொல்லைக்குக் காரணமான ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் போன்ற சர்க்கரைகளை விதை தன் முதல் உணவாகப் பயன்படுத்திக்கொள்கிறது. இரண்டு நாளில் அவற்றின் பெரும்பகுதி போய்விடும். முளைகட்டிய பயறு வயிற்றுக்கு இதமாக இருக்கிறது என்று பலர் சொல்வதற்கு இது காரணமாக இருக்கலாம். ஃபைட்டிக் அமிலத்துக்கும் அந்த இதத்துக்கும் தொடர்பில்லை.

ஃபைட்டேட்டை உண்மையிலேயே வெகுவாகக் குறைக்க வேண்டுமென்றால், முளைகட்டிய தானியத்தை அரைத்துவிட்டு நொதிக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுப்பதுதான் வழி. முழு விதையில் நொதியும் ஃபைட்டேட்டும் வேறு வேறு அறைகளில் கிடக்கும். அரைத்து ஈரமாக்கினால் அவை நேருக்கு நேர் சந்திக்கும். ஃபைட்டேஸ் பெரும்பாலும் லேசான புளிப்பிலும் நல்ல வெதுவெதுப்பிலும்தான் உச்சமாக வேலை செய்கிறது; அமிலக் காரத் தன்மையின் அளவுகோலில் 5-ஐ ஒட்டி, 45 முதல் 55 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில். புளிக்கவைத்த மாவுகளில் ஃபைட்டேட் நன்றாகக் குறைவதற்கும் இந்தப் புளிப்பு ஒரு காரணம்.

எந்தத் தானியம் என்பதும் முக்கியம். ரை, கோதுமை, பார்லி ஆகியவற்றில் இந்த நொதி ஏராளம். மக்காச்சோளம், சோளம், ஓட்ஸ் ஆகியவற்றில் குறைவு. முளைகட்டிய கோதுமையை மிதமான சூட்டில் உலர்த்தி அரைத்த மாவைக் கொஞ்சம் எடுத்து மக்காச்சோள மாவோடு கலந்து வெதுவெதுப்பான நீரில் சில மணி நேரம் விட்டால், கோதுமையின் நொதி மக்காச்சோளத்தின் ஃபைட்டேட்டையும் உடைக்கும். உலர்த்தும்போது அதிகச் சூடு காட்டிவிட்டால் நொதி செத்துவிடும். பிறகு எத்தனை மணி நேரம் ஊறினாலும் பயன் இருக்காது. கடைகளில் கிடைக்கும் தட்டை ஓட்ஸ் பெரும்பாலும் ஏற்கெனவே நீராவியில் சூடேற்றப்பட்டது. அதை இரவு முழுவதும் ஊறவைப்பதால் ஃபைட்டேட் பெரிதாகக் குறையாததற்குக் காரணம் அதுவே. மாவை வெதுவெதுப்பாக வைத்திருக்கும் நேரத்தில் நுண்ணுயிர்களும் பெருகும் என்பதால், அந்தக் கலவையைக் கட்டாயம் கொதிக்கவைத்துத்தான் உண்ண வேண்டும்.

இப்படிக் குறைப்பதால் மனித உடலில் பலன் தெரிகிறதா? தெரிகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942-இல், மக்கான்ஸும் விடோசனும் ஃபைட்டேட் நீக்கிய ரொட்டியை மனிதர்களுக்குக் கொடுத்து, தாதுக்கள் முன்பைவிட நன்றாக உடலில் சேர்வதைக் காட்டினார்கள். 1996-இல் வெளியான ஓர் ஆய்வில், முளைகட்டிப் பதப்படுத்தி ஃபைட்டேட்டைக் குறைத்த ஓட்ஸைக் காலை உணவில் கொடுத்தபோது இரும்பும் துத்தநாகமும் இரண்டுமே கூடுதலாக உறிஞ்சப்பட்டன. இத்தகைய மனித ஆய்வுகளுக்கு நான் தரும் எடை அதிகம். முளைகட்டுதல் பற்றி வரும் கட்டுரைகளில் நிறைய சோதனைக் குழாயில் செரிமானத்தைப் போலச் செய்து பார்த்தவை. அவை திசையைக் காட்டும். உடலில் எவ்வளவு சேரும் என்ற அளவை அவற்றிலிருந்து எடுத்துக்கொள்வது சரியாகாது.

அட்டவணைகள் ஏமாற்றும் விதம்

இந்தத் துறையில் புதிதாக நுழைபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. காய்ந்த பச்சைப்பயறு 100 கிராமில் சுமார் 24 கிராம் புரதம் இருக்கிறது. நீளமாக வளர்ந்த பச்சைப்பயறு முளை 100 கிராமில் சுமார் 3 கிராம்தான் இருக்கிறது, இரும்பும் ஒரு மில்லிகிராமை ஒட்டியே இருக்கிறது. முளைகட்டியதால் சத்து அழிந்துவிட்டதா? இல்லை. அந்த முளையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். எடைக்கு எடை ஒப்பிட்டதுதான் தவறு.

இதற்கு நேரெதிரான ஏமாற்றமும் உண்டு. தண்ணீரைக் கழித்துவிட்டு உலர் எடையில் கணக்குப் போட்டால் புரதச் சதவீதம் கூடியது போலத் தெரியும். முளைக்கும் விதை சுவாசிக்கிறது; மாவுச்சத்தை எரித்துத் தன் எடையில் கொஞ்சத்தை இழக்கிறது. 100 கிராம் உலர் பொருள் 92 கிராமாகக் குறைந்து, 24 கிராம் புரதம் அப்படியே இருந்தால், சதவீதம் 24-லிருந்து 26 ஆகிவிடும். புரதம் ஒரு துளியும் கூடவில்லை, வகுக்கும் எண்தான் சிறிதானது. ‘முளைகட்டினால் புரதம் கூடும்’, ‘தாதுக்கள் கூடும்’ என்று படித்தால், எந்த எடையை அடிப்படையாக வைத்திருக்கிறார்கள், எத்தனை விதையிலிருந்து தொடங்கினார்கள் என்று கேளுங்கள்.

உண்மையிலேயே புதிதாக உருவாவது வைட்டமின் சி. காய்ந்த பயறில் அது இல்லாததற்குச் சமம். பச்சைப்பயறு முளை 100 கிராமில் சுமார் 13 மில்லிகிராம் வரை இருக்கும். வைட்டமின் சி, இரும்பை எளிதில் உறிஞ்சக்கூடிய வடிவத்துக்கு மாற்றுகிறது. ஃபைட்டேட்டின் தடையையும் ஓரளவு முறியடிக்கிறது. ஆனால் அது அதே வேளை உணவில் இருந்தால்தான் பலன். முளையை வேகவைக்கும்போது அதில் ஒரு பங்கு போய்விடும் என்பதால், இரும்பு வேண்டுமென்று முளைப்பயறு உண்பவர்கள் அதன்மேல் எலுமிச்சைச் சாறு பிழிவதோ அந்த வேளையிலேயே கொய்யா போன்ற பழத்தை உண்பதோ நல்லது. ஃபைட்டேட்டை இன்னும் பத்துச் சதவீதம் குறைக்க ஒரு நாள் காத்திருப்பதைவிட, இரும்பைப் பொறுத்தவரை இதுவே கைகொடுக்கும்.

இறைச்சி, மீன், பழங்கள் எனக் கலந்து உண்பவர்கள் இந்த விகிதங்களைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. பெரும்பாலும் தானியமும் பருப்புமே உண்பவர்கள், இரும்பு குறைந்தவர்கள், தாய்ப்பாலோடு கஞ்சி உண்ணத் தொடங்கும் குழந்தைகள் ஆகியோருக்குத்தான் வித்தியாசம் பொருட்படுத்தத் தக்கது. குழந்தைகளுக்கு இன்னொரு நன்மையும் இருக்கிறது. முளைத்த தானியத்தில் மாவுச்சத்தை உடைக்கும் அமிலேஸ் நொதி பெருகியிருக்கும். கெட்டியான கஞ்சி கொஞ்சம் ஆறிய பின் முளைத்தானிய மாவைச் சிறிதளவு கலந்தால், சில நிமிடங்களில் அது இளகிவிடும். தண்ணீர் சேர்க்காமலேயே குழந்தை விழுங்கும் பதத்துக்கு வருவதால், ஒவ்வொரு கரண்டியிலும் அதிக உணவு போய்ச் சேரும். இளகிய பின் மீண்டும் ஒருமுறை கொதிக்கவைத்துக் கொடுக்க வேண்டும்.

வேகவைப்பது ஏன் தவிர்க்கக்கூடாதது

முளைக்கத் தேவையான ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிகளுக்கும் பிடித்தவை. 2011-இல் ஜெர்மனியில் வெந்தய முளைகளோடு தொடர்புடைய இ.கோலை தொற்றில் 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கிருமி விதையிலேயே இருக்கக்கூடும்; அலசினால் முழுவதும் போகாது. கொழகொழப்பும் புளித்த வாடையும் வந்தால் தூக்கிப் போட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆபத்தான கிருமி எந்த வாடையும் காட்டாமலேயே பெருகும். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியோர், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் பச்சை முளையைத் தொடவே கூடாது.

இரண்டு விதைகளுக்குத் தனி எச்சரிக்கை தேவை. சிவப்புக் காராமணியைவிடப் பெரிதாக, சிறுநீரக வடிவில் இருக்கும் சிவப்பு ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற புரதம் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் தரும். முளைகட்டுவதால் அது போதுமான அளவு குறையாது. புதிய தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவைத்து முழுமையாக வேகவைத்தால்தான் அது அழியும். சோளத்தின் முளைத்தண்டில் சயனைடு வெளியிடும் தூரின் என்ற பொருள் உருவாகிறது. சோளத்தை முளைகட்டினால் முளையையும் வேரையும் நீக்கிவிட்டு உலர்த்தி அரைத்துச் சமைக்க வேண்டும். சோள முளையைப் பச்சையாகத் தின்னவே கூடாது.

வேகவைத்தால் முளைகட்டிய பலன் போய்விடுமோ என்று சிலர் தயங்குகிறார்கள். ஃபைட்டிக் அமிலம் சாதாரணச் சமையல் சூட்டைத் தாங்கும் பொருள், சூடாக்குவதால் மட்டும் அது பெரிதாகக் குறைவதில்லை. ஆனால் நொதி ஏற்கெனவே உடைத்துவிட்ட ஃபைட்டேட் சூட்டால் மீண்டும் உருவாகப் போவதும் இல்லை. சூட்டில் போவது வைட்டமின் சி-யின் ஒரு பகுதியும், இனித் தேவைப்படாத ஃபைட்டேஸும்தான். பயறில் எஞ்சியிருக்கும் டிரிப்சின் தடுப்பான்கள், அதாவது புரதச் செரிமானத்தை மட்டுப்படுத்தும் பொருள்கள், வேகும்போது பெருமளவு செயலிழக்கின்றன. அதனால் முளைப்பயறை மென்மையாகும்வரை வேகவைத்து, இறக்கிய பின் எலுமிச்சை பிழிந்து உண்ணலாம்.